கலர் பென்சில் வரலாறு

ஸ்டடி ஹாலிடேஸ் ஆரம்பித்துவிட்டால் ஜெராக்ஸ் கடைகளில் ஒரு சரக்கு பிய்த்துக்கொண்டு போகும். வகுப்பில் முதல் மதிப்பெண் எடுக்கும் யாரோ ஒருவர் வரைந்த மைண்ட் மேப். நடுவில் ஒரு மேகம், மேகத்துக்குள் "கர்நாடகப் போர்கள்" என்று எழுதி, அதிலிருந்து எட்டுத் திசைக்கும் வளைந்து வளைந்து கிளைகள். ஒரு கிளையில் காரணங்கள், ஒரு கிளையில் போர்கள், ஒரு கிளையில் உடன்படிக்கைகள், ஒரு கிளையில் விளைவுகள். பார்க்க லட்சணமாக இருக்கும். இப்போதெல்லாம் ஜெராக்ஸ் கூட வேண்டாம், வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவாகவே வந்துவிடுகிறது. வாங்கியவர் அதை நான்கு தடவை பார்ப்பார், "ஆஹா, ஒரு சாப்டர் முடிஞ்சிது" என்று நிம்மதியாகத் தூங்குவார். பரீட்சை ஹாலில் "கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றதற்கான காரணங்களை ஆராய்க" என்று பத்து மதிப்பெண் கேள்வி வரும்போது ஞாபகத்தில் இருப்பது அந்த மேகம் மட்டும்தான். கூடவே கிளையின் கலரும்...

இந்தக் கட்டுரை மைண்ட் மேப்புக்கு எதிரானது அல்ல. மைண்ட் மேப் என்ற பெயரில் நடக்கும் டிராயிங் கிளாஸுக்கு எதிரானது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது புதுச்சரக்கும் அல்ல. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் கல்வி இயக்கம் கொண்டுவந்த படைப்பாற்றல் கல்வி முறையில் 'மனவரைபடம்' என்பது ஒரு கட்டாயப் படியாக இருந்தது. பாடத்தைப் படிக்க வேண்டும், பிறகு மனவரைபடம் வரைய வேண்டும், பிறகு தொகுத்து எழுத வேண்டும். முதலில் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக வரையும், அப்புறம் குழுவில் உட்கார்ந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பெரிதாக்கும். யோசித்துப் பார்த்தால் அருமையான திட்டம். தனியாக வரையும்போது தெரியாதது தெரியவரும், குழுவில் அது சரியாகும்.

ஆனால் இந்தத் திட்டத்தின் உயிர் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது: வரையும்போது புத்தகம் மூடியிருக்க வேண்டும். அது மட்டும் திறந்திருந்தால் மொத்தமும் காலி. தடித்த எழுத்தில் இருக்கும் சொற்களைப் பொறுக்கி வட்டத்தைச் சுற்றி ஒட்டினால் மனவரைபடம் ரெடி, ஆசிரியரின் கையெழுத்தும் ரெடி. அதில் மனமும் இல்லை, வரைபடமும் இல்லை. இந்தப் பழக்கத்தோடு வளர்ந்தவர்கள்தான் கல்லூரிக்கு வந்தபிறகு லெக்சர் நோட்ஸைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஸ்கெட்ச் பேனாவைத் திறக்கிறார்கள். நோட்ஸில் இருக்கும் வரி கண் வழியாகப் போய்க் கை வழியாக வெளியே வந்துவிடுகிறது. நடுவில் மண்டை என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

இது வெறும் வயிற்றெரிச்சல் பேச்சு அல்ல, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கார்பிக், பிளண்ட் என்ற இருவர் செய்து 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இது. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு அறிவியல் பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு குழு பாடத்தை எதிரில் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தது. இன்னொரு குழு பாடத்தைப் படித்து, மூடிவைத்து, நினைவில் இருப்பதை எல்லாம் எழுதியது, மறுபடி படித்து மறுபடி எழுதியது. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால், மூடிவைத்து எழுதிய குழு தெளிவாக முன்னால் நின்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், கடைசித் தேர்வையே "வரைபடம் வரை" என்று வைத்தபோதும் அவர்கள்தான் ஜெயித்தார்கள். அதே இருவர் 2014-இல் இன்னொரு ஆய்வு செய்தார்கள். இந்த முறை வரைபடத்தையே பாடத்தை மூடிவைத்து, நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். அப்போது வரைபடக்காரர்களும் எழுதியவர்களுக்குச் சமமாக வந்துவிட்டார்கள்.

ஆக, படம் குற்றவாளி அல்ல. திறந்திருந்த புத்தகம்தான் குற்றவாளி.

இன்னொரு குற்றவாளியும் உண்டு. மைண்ட் மேப்பை உலகம் முழுக்கப் பரப்பியவர் டோனி புசான் என்ற ஆங்கிலேயர், 1970-களில் பிபிசி தொலைக்காட்சி மூலம் பிரபலமானவர். அவருடைய விதிகள் எல்லோருக்கும் மனப்பாடம்: நடுவில் ஒரு படம், வளைந்த கிளைகள், நிறைய வண்ணங்கள், ஒரு கிளைக்கு ஒரே ஒரு சொல். அதே 1970-களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்பவர் வேறு ஒரு முறையை உருவாக்கினார். அதில் இரண்டு பெட்டிகளை இணைக்கும் கோட்டின் மேல் அந்த இணைப்பு என்ன என்பதை எழுதியே ஆகவேண்டும். மேலும் ஒரு கிளையில் இருக்கும் பெட்டியிலிருந்து இன்னொரு கிளைப் பெட்டிக்குக் குறுக்குக்கோடு போடுவதுதான் அதில் உசத்தியான வேலை.

நம் ஊரில் பரவியது முதலாமவரின் அலங்காரம். வரலாற்றுக்குத் தேவைப்படுவது இரண்டாமவரின் கோடு. "ஆம்பூர்" என்று ஒரு கிளையில் ஒரே சொல் எழுதினால் என்ன தெரியும்? பிரியாணி ஞாபகம் வரும் :-) 1749-இல் அங்கே யார் யாரோடு மோதினார்கள், யார் செத்தார், செத்ததால் யார் எங்கே ஓடினார் என்பதல்லவா சரித்திரம்?

சரி, குறை சொல்லிக்கொண்டே இருந்தால் ஜல்லியடிப்பதாகிவிடும். வேலை எப்படி நடக்கவேண்டும் என்று ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்க்கலாம்.

மணலூர்பேட்டையிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய்வரும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். தென்பெண்ணைக் கரை ஊர். கையில் கர்நாடகப் போர்கள் பற்றிய லெக்சர் நோட்ஸ் பதினோரு பக்கம். அதிலும் இரண்டாம் போர் நடத்திய அன்று அவசரமாக எழுதியது, பாதி வரி அந்தரத்தில் நிற்கிறது. பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கிறது.

முதல் வேலை, பதினோரு பக்கத்தையும் ஒருமுறை படிப்பது. அடிக்கோடு கிடையாது, ஹைலைட்டர் கிடையாது. அந்தரத்தில் நிற்கும் வரிகளைப் பாடப்புத்தகத்தைப் பார்த்து முடித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு நோட்டை மூடி, எழுந்துபோய் எடுக்கவேண்டும் என்கிற தூரத்தில் வைக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கை போகும்.

இரண்டாவது வேலை, வெள்ளைத்தாளின் நடுவில் என்ன எழுதுவது என்பது. இங்கேதான் பாதிப்பேர் சறுக்குகிறார்கள். "கர்நாடகப் போர்கள்" என்ற தலைப்பை நடுவில் எழுதினால் கிளைகள் தானாக முதல் போர், இரண்டாம் போர், மூன்றாம் போர் என்று பிரியும். அது பாடப்புத்தகத்தின் பொருளடக்கம், அதைத் திரும்ப வரைய எதற்கு ஒரு தாள்? நடுவில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். இந்தச் சாப்டருக்குச் சரியான கேள்வி இது: 1746-இல் சென்னையையே பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் 1761-இல் பாண்டிச்சேரியையே பறிகொடுத்தது எப்படி? பத்து மதிப்பெண் வினா எந்த உருவத்தில் வந்தாலும் சுற்றிச்சுற்றி இதற்குள்தான் வரும்.

மூன்றாவது, கிளைகள். போர்களின் எண்ணிக்கையைக் கிளையாக்காமல், கதை எந்தெந்த இடத்தில் நடக்கிறதோ அதைக் கிளையாக்க வேண்டும். இந்தக் கதை ஐந்து இடத்தில் நடக்கிறது: ஐரோப்பா, ஐதராபாத், ஆற்காடு, கடல், பணம். ஐந்து கிளை போதும். ஒவ்வொரு கிளையிலும் நடுவிலிருந்து வெளியே போகப்போக வருடம் ஏறவேண்டும்.

இப்போது நினைவிலிருந்து எழுதவேண்டியதுதான், பென்சிலால். ஐரோப்பாக் கிளையில் என்ன வரும்? ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர், அதனால் இங்கே முதல் கர்நாடகப் போர். 1748-இல் அங்கே எய்லா சபேல் உடன்படிக்கை, அதனால் இங்கேயும் போர் நின்று சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. அப்புறம் 1756-இல் ஏழாண்டுப் போர், அதன் தொடர்ச்சியாக இங்கே மூன்றாம் போர். 1763-இல் பாரிஸ் உடன்படிக்கையோடு முடிந்தது.

எழுதி முடித்துப் பார்த்தால் கண்ணில் அடிக்கிற மாதிரி ஒன்று தெரியும். ஐரோப்பாக் கிளையில் 1748-க்கும் 1756-க்கும் நடுவே ஒன்றுமே இல்லை, வெறுமை. இரண்டாம் கர்நாடகப் போர் 1749 முதல் 1754 வரை நடந்தபோது ஐரோப்பாவில் இரண்டு நாடும் சமாதானமாகத்தான் இருந்தன! பிறகு எதற்கு இங்கே அடித்துக்கொண்டார்கள்? பதில் பக்கத்துக் கிளைகளில் இருக்கிறது. ஐதராபாத்திலும் ஆற்காட்டிலும் பதவிச் சண்டை, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கம்பெனிகள் உள்ளே புகுந்தன. ஜெராக்ஸ் மேப்பில் மூன்று போருக்கும் "காரணம்: ஆங்கில-பிரெஞ்சுப் பகை" என்று ஒரே சொட்டு மையில் எழுதியிருக்கும். அதில் இந்த வெறுமை தெரியவே தெரியாது. தாளில் ஒரு இடம் காலியாக இருப்பதும் ஒரு தகவல்தான், அதைச் சொந்தமாக வரைந்தவருக்கு மட்டுமே அது கிடைக்கும்.

ஐதராபாத் கிளை: 1748-இல் நிஜாம் உல் முல்க் இறந்தார். மகன் நாசிர் ஜங் ஒரு பக்கம், மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங் மறுபக்கம். ஆற்காட்டுக் கிளை: நவாப் அன்வாருதீன் ஒரு பக்கம், பழைய நவாப் தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப் மறுபக்கம். இங்கே டூப்ளே முசாபர் ஜங்கையும் சந்தா சாகிப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். 1749-இல் ஆம்பூரில் அன்வாருதீன் கொல்லப்பட்டார், மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். 1750-இல் புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். அந்த வருடம் டிசம்பரில் செஞ்சி பக்கத்திலேயே நாசிர் ஜங் கொல்லப்பட்டார்.

நான்காவது வேலைதான் உண்மையான வேலை, குறுக்குக்கோடு. காமர்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். இரட்டைப் பதிவு முறையில் எந்த வரவு செலவும் ஒரே கணக்கில் நிற்காது, ஒரு இடத்தில் பற்று என்றால் இன்னொரு இடத்தில் வரவு இருந்தே ஆகவேண்டும். வரலாற்றிலும் ஒரு பெரிய நிகழ்ச்சி ஒரே கிளையில் நின்றுவிட்டால் கணக்கு டேலி ஆகவில்லை என்று அர்த்தம். நாசிர் ஜங் சாவு ஐதராபாத் கிளையில் ஒரு பதிவு. அதற்கு ஆற்காட்டுக் கிளையில் எதிர்ப்பதிவு எங்கே? முகமது அலிக்குப் பக்கபலமாக இருந்த பெரிய கை அவர்தான். அவர் போனதும் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் கிட்டத்தட்ட அநாதையாக நின்றார். ஆக அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு கோடு, கோட்டின் மேல் "ஆதரவு போனது" என்று இரண்டு சொல்.

அந்தக் கோட்டைப் போட்டவருக்கு அடுத்தது தானாக வரும். திருச்சியை நேராகப் போய் மீட்கமுடியாது, அதனால் 1751-இல் கிளைவ் சந்தா சாகிப்பின் தலைநகரான ஆற்காட்டுக்குப் போனார். கையில் இருந்தது சுமார் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள். படைகள் திருச்சியைச் சுற்றி நின்றதால் ஆற்காட்டில் காவல் சொற்பம். சந்தா சாகிப் தன் படையில் ஒரு பகுதியை மகன் ராஜா சாகிப்போடு ஆற்காட்டுக்கு அனுப்பவேண்டி வந்தது. சுமார் 50 நாள் முற்றுகை, ஆற்காடு விழவில்லை. மறுவருடம் திருச்சியைச் சுற்றியிருந்த பிரெஞ்சுப்படை ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தது, சந்தா சாகிப்பின் தலை போனது. "கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார்" என்று ஒரு வரியாக உருப்போட்டவருக்கு, திருச்சியைக் காப்பாற்ற எதற்கு ஆற்காட்டுக்குப் போனார் என்று கேட்டால் முழிதான்.

இதேபோல இன்னும் ஒரு குறுக்குக்கோடு, ஐதராபாத்திலிருந்து. புஸ்ஸி அங்கே சலாபத் ஜங்கை நிஜாமாக்கிவிட்டு, பிரெஞ்சு செல்வாக்கைக் கட்டிக்காத்துக்கொண்டிருந்தார். 1758-இல் வந்த லாலி அவரை அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டார். புஸ்ஸி கிளம்பியபின் 1759-இல் மசூலிப்பட்டினம் ஆங்கிலேயரிடம் போனது, ஐதராபாத்தும் கைநழுவியது. கூப்பிட்டு வந்த புஸ்ஸியோ 1760 ஜனவரியில் வந்தவாசியில் சிறைபிடிக்கப்பட்டார். அங்கேயும் போச்சு, இங்கேயும் போச்சு. கடல் கிளையிலும் இதே கதைதான். பிரெஞ்சுக் கப்பற்படை 1759-இல் மொரிஷியஸ் பக்கம் போய்விட்டது, பாண்டிச்சேரி முற்றுகையின்போது திரும்பி வரவே இல்லை. பணக் கிளையில் 1754-இல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். 1757 பிளாசிக்குப் பிறகு ஆங்கிலேயர்களுக்கு வங்காளத்துப் பணம். மூன்று கோடும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: 1761 ஜனவரி, பாண்டிச்சேரி.

இத்தனையும் முதல் தடவையே நினைவிலிருந்து வந்துவிடுமா? வராது, வரவும் கூடாது. முதல் முயற்சியில் தாளில் பாதிக்குமேல் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைதான் சரக்கு. இருபது நிமிடம் முக்கிமுனகிய பிறகுதான் நோட்டை எடுத்துவர வேண்டும். விட்டுப்போனதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பு மையில் மட்டும் எழுதவேண்டும். கலர் எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான். மற்ற கலரெல்லாம் அழகுக்கு, சிவப்பு ஒன்றுதான் "இது தெரியாது" என்று உண்மையைச் சொல்லும்.

மறுநாள் அந்தத் தாளைப் பார்க்காமல் புதுத்தாளில் மறுபடி. மறுநாளும் அதே இடத்தில் சிவப்பு விழுந்தால் பிரச்சினை ஞாபகமறதி அல்ல, விஷயமே புரியவில்லை. இந்தச் சாப்டரில் வழக்கமாக அப்படி விழும் இடம் ஒன்று உண்டு. சந்தா சாகிப்பை ஐதராபாத் சண்டையிலும் முசாபர் ஜங்கை ஆற்காட்டுச் சண்டையிலும் கொண்டுபோய் மாட்டிவிடுவது. இரண்டு வாரிசுச் சண்டையும் ஒரே சமயத்தில் நடந்ததால் வரும் குழப்பம் அது. அதற்கு மறுபடி மறுபடி வரைந்து பயனில்லை, நோட்ஸின் அந்த ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்துவிட்டு யாருக்காவது வாயால் சொல்லிப்பார்க்க வேண்டும். மூன்றாம் முறை சிவப்பு விழுந்த இடங்களை மட்டும் வரைந்தால் போதும். கணக்குப் பார்த்தால் மூன்று நாளில் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். ஜெராக்ஸ் மேப்பைப் பார்த்து அழகாகத் திருப்பி வரைபவர்கள் ஒரே ராத்திரியில் மூன்று மணி நேரம் செலவழிக்கிறார்கள்.

மேப் வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்கப் பரீட்சை வரை காத்திருக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு ஜூனியர் இருந்தால் போதும்.

"அக்கா, ஆம்பூர்ல யாருக்கா செத்தது?"

"அன்வாருதீன்."

"அவரு செத்தா பிரெஞ்சுக்காரனுக்கு என்னக்கா லாபம்?"

முதல் கேள்விக்கு ஜெராக்ஸ் மேப்காரரும் பதில் சொல்லிவிடுவார். இரண்டாவது கேள்விக்குக் கோடு போட்டவர்தான் பதில் சொல்வார். தாளில் எந்த இரண்டு பெட்டியைத் தொட்டுக் காட்டினாலும் நடுவில் இருக்கும் "அதனால்", "ஆனால்", "அதற்குள்" எது என்று சொல்லத் தெரிந்தால் சாப்டர் கைக்குள் வந்துவிட்டது. தெரியவில்லை என்றால் தாள் எவ்வளவு கலராக இருந்தாலும் வரவில்லை.

எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்டுவிடலாம். "கடைசி நேரத்துல இதுக்கெல்லாம் எங்க டைம்?" என்பது முதல் வாதம். நேரம் இல்லாதவர்தான் மூடிவைத்து வரையவேண்டும், ஏனென்றால் எது தெரியும் எது தெரியாது என்று பிரித்துக்காட்ட இதைவிடச் சீக்கிரமான வழி கிடையாது. ஆனால் பரீட்சைக்கு முந்தைய ராத்திரி, முதல் தடவையாகச் சாப்டரைத் திறப்பவருக்கு எந்த மேப்பும் உதவாது. அவர் பேசாமல் நோட்ஸையே இரண்டு தடவை படிப்பது உத்தமம். தெரியாததை மறுபடி நினைவுக்குக் கொண்டுவர யாராலும் முடியாது.

"படமாப் பாத்தா அப்படியே மனசுல நிக்கும்" என்பது இரண்டாவது. நிற்பது படம், பதில் அல்ல. தன் கையால் யோசித்துப் போட்ட கோடு நிற்பதற்குக் காரணம் அதன் வளைவு அல்ல, அதைப் போடுவதற்குப் பட்ட பாடு. இன்னொருவர் பட்ட பாட்டை ஜெராக்ஸ் எடுக்க மெஷின் வரவில்லை.

"தேதி, பேரெல்லாம் மேப்பில் நிக்காது" என்பது மூன்றாவது. இது மட்டும் நியாயம். மேப் காரணங்களுக்கான கருவி, உடன்படிக்கைப் பட்டியலுக்கு அல்ல. ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு வருடம் ஒரு பக்கம், நிகழ்ச்சி மறுபக்கம் என்று ஒரு சீட்டு எழுதி மறைத்து மறைத்துப் பார்ப்பதே நல்லது. அதேபோல மேப்பில் இடப்படமும் வராது. சென்னை, ஆற்காடு, செஞ்சி, பாண்டிச்சேரி, திருச்சி என்று ஐந்து புள்ளியைத் தனியாக ஒரு மூலையில் வைத்துப் பார்க்காமல் இந்தப் போர்கள் புரியாது. மணலூர்பேட்டைப் பெண்ணுக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பாண்டிச்சேரி விழுந்த பிறகு அதே 1761-இல் தியாகதுருகமும் செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. தியாகதுருகம் அவள் மாவட்டத்துக் கோட்டை, செஞ்சி பக்கத்து மாவட்டம். கடைசிப் புள்ளிகளை வைக்க அட்லஸ் தேவையில்லை.

மேப் தானாக விடையாகவும் ஆகாது. மேப்பில் எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும், விடையில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுத முடியும். ஆகையால் கடைசித் தாளில் பெட்டிகளுக்கு எழுதும் வரிசையில் எண் போட்டுவிட வேண்டும். பிரெஞ்சுத் தோல்விக்கான காரணம் என்று கேட்டால் பணம் 1, கடல் 2, டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டது 3, லாலி-புஸ்ஸி 4, வந்தவாசி 5, பாண்டிச்சேரி 6. ஒவ்வொரு எண்ணும் ஒரு பத்தி, பத்தியின் முதல் சொற்கள் கோட்டின் மேல் எழுதிய சொற்கள். கேள்வி மாறினால் எண் மாறும், மேப் மாறாது.

இதில் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு ஒரு அரியர் என்பது வெறும் மார்க் விஷயம் அல்ல. மறுபடி பரீட்சைக் கட்டணம், வீட்டில் "ராத்திரியெல்லாம் படிச்சியே, என்னாச்சு?" என்ற கேள்வி. அந்தப் பிள்ளை சோம்பேறி இல்லை. ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து வரைந்திருக்கிறது. அதன் கையில் யாரோ தப்பான வேலையைக் கொடுத்து, அதற்குப் படிப்பு என்று பெயரும் வைத்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் மேப் அனுப்புகிறவர் உண்மையில் உதவ நினைத்தால், வரைந்து முடித்த மேப்பை அனுப்பவேண்டாம். நடுவில் அந்த ஒரு கேள்வியை மட்டும் எழுதி, மீதித்தாளை வெள்ளையாக அனுப்பட்டும்.